23 பேர் இருந்தால் போதுமா? பிறந்தநாள் புதிர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 10, 11 மாணவர்களுக்கு நிகழ்தகவு படிப்பிக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் பிறந்தநாள் புதிரை ஒரு பாடவேளையில் சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று மாலையே அதே புதிர் பிள்ளைகள் வழியாக வீடுகளுக்குப் போய்விடும். அடுத்த வாரம் பெற்றோரும், சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வருபவர்களும் என்னை மறித்து அதே சந்தேகங்களைக் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சேர், பிறந்தநாள் புதிர் எண்டு சொல்லுறது என்ன?

ஓர் இடத்தில் எத்தனை பேர் கூடியிருந்தால், அவர்களுள் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைவதற்கான வாய்ப்பு அமையாமல் விடுவதற்கான வாய்ப்பை முந்தும் என்பதே அந்தப் புதிர். பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. மாதமும் தேதியும் ஒன்றாக இருந்தால் போதும். விடை 23 பேர். 22 பேரில் அந்த வாய்ப்பு 47.6 சதவீதம், இன்னும் ஒருவர் வந்து சேர்ந்ததும் அது 50.7 சதவீதமாகிப் பாதியைத் தாண்டுகிறது.

அதன் பிறகு ஏற்றம் வேகமானது. 30 பேரில் 70.6 சதவீதம், 40 பேரில் 89.1 சதவீதம், 57 பேரில் 99 சதவீதம். வவுனியாவிலிருந்து வரும் பேருந்தொன்று முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும்போது அதில் 57 பேர் இருந்தால், கச்சான் வாங்கி முடிவதற்குள் ஒரே பிறந்தநாள்காரர் இருவரை அதற்குள்ளேயே தேடிப் பிடித்துவிடலாம் என்று துணிந்து பந்தயம் கட்டலாம். இதை ஒட்டிய கணக்கொன்றை ரிச்சர்ட் வான் மீசெஸ் என்ற கணிதவியலாளர் 1939இல் வெளியிட்டார். கணக்கில் முரண் எதுவும் இல்லை. நம் மனக்கணிப்புக்கும் உண்மையான விடைக்கும் இடையே உள்ள தூரத்தினால்தான் இது புதிராகிறது.

வருசத்தில 365 நாள் கிடக்கு. பாதி வாய்ப்புக்குப் பாதி நாள், அதாவது 183 பேராவது வேணுமெல்லோ?

இந்த 183 வெறும் ஊகமில்லை. அதற்கென்று ஒரு நியாயம் உண்டு. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. 183 பேர் வெவ்வேறு நாள்களில் பிறந்தவர்களாக ஏற்கெனவே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அடுத்து வரும் ஒருவர் அவர்களுள் ஒருவரோடு பொருந்துவதற்கு ஏறத்தாழப் பாதி வாய்ப்பு இருக்கிறது. கடைசியாக வருபவருக்கு நடக்கும் அந்த ஒரு சோதனையை மட்டும் பார்த்துவிட்டு, அவருக்கு முன்னர் வந்த ஒவ்வொருவருக்கும் அதே சோதனை நடந்துவிட்டது என்பதை மனம் விட்டுவிடுகிறது.

நாம் எண்ணவேண்டியது ஆட்களை அன்று, சோடிகளை. 23 பேர் ஒருவரோடொருவர் ஒருமுறை கைகுலுக்குவதாகக் கொள்வோம். முதலாமவர் 22 பேரோடு குலுக்குவார். இரண்டாமவருக்கு மிச்சம் 21 பேர். இப்படியே இறங்கிக்கொண்டு போய்க் கூட்டினால் 253 கைகுலுக்கல்கள் வரும். ஒவ்வொரு கைகுலுக்கலும் இரண்டு பிறந்தநாள்கள் பொருந்துவதற்கான ஒரு சந்தர்ப்பம். 365 நாள்களுக்கு எதிரே 23 என்ற எண் சிறிதாகத் தெரிகிறது. 253 அப்படித் தெரிவதில்லை. ஆட்கள் இருமடங்கானால் சோடிகள் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றன என்பதால்தான் வாய்ப்பும் அவ்வளவு விரைவாக ஏறுகிறது.

எனக்கு 52 வயசு. என்ர பிறந்தநாளில பிறந்த ஒருத்தரை இண்டுவரைக்கும் நான் காணேல்லை. பிறகெப்பிடி இதை நம்புறது?

நீங்கள் சொல்வதும் சரி, புதிரும் சரி. நீங்கள் தேடுவது ‘என்னுடைய’ பிறந்தநாளை. புதிர் கேட்பது ‘யாரேனும் இருவருடைய’ பிறந்தநாளை. 23 பேர் இருக்கும் அறையில் உங்களைத் தொடும் சோடிகள் 22 மட்டுமே. மிகுதி 231 சோடிகளில் நீங்கள் இல்லை. அந்த 22 பேரில் ஒருவராவது உங்கள் நாளில் பிறந்திருப்பதற்கான வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

உங்கள் பிறந்தநாளோடு ஒருவர் பொருந்தும் வாய்ப்பு பாதியைத் தொட வேண்டுமானால், உங்களைத் தவிர இன்னும் 253 பேர் வேண்டும். மேலே வந்த 253 சோடிகளும் இந்த 253 பேரும் ஒரே எண்ணாக இருப்பது விளையாட்டன்று: இரண்டு கணக்கிலும், பாதி வாய்ப்பைத் தொடுவதற்கு 1/365 வாய்ப்புள்ள ஏறத்தாழ அத்தனை சந்தர்ப்பங்கள் தேவைப்படுகின்றன. உங்களை நடுவில் வைத்து எண்ணினால் ஒரு சந்தர்ப்பத்துக்கு ஓர் ஆள் வேண்டும். எல்லோரையும் எல்லோரோடும் எண்ணினால் 23 பேரிலேயே அந்த எண்ணிக்கை சேர்ந்துவிடுகிறது. இந்தப் புதிரைக் கேட்டு நம்ப மறுப்பவர்களுள் பெரும்பாலோர், தம்மையறியாமலே தம் பிறந்தநாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

விளங்குது, ஆனா கணக்கை ஒருக்காப் படிப்படியாச் செய்து காட்டுங்கோ, சேர்.

வகுப்பில் நான் செய்வதையே சொல்கிறேன். கரும்பலகையில் 12 மாதங்களையும் எழுதிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக வரச்சொல்வேன். வருபவர் தன் பிறந்தநாளை உரிய மாதத்துக்கு நேரே எழுதவேண்டும். எழுதுமுன், அந்தத் தேதி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதலாவது பிள்ளைக்கு மோதுவதற்கு எதுவுமில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நாள் பிடிபட்டிருக்கிறது. 365இல் 364 நாள்கள் வெறுமை. ஆகவே அவர் மோதாமல் தப்பும் நிகழ்தகவு 364/365. மூன்றாமவருக்கு 363/365, நான்காமவருக்கு 362/365, ஐந்தாமவருக்கு 361/365.

எல்லோரும் தப்பவேண்டுமானால் இந்தப் பின்னங்களைத் தொடர்ந்து பெருக்கவேண்டும். ஐந்து பேர் வந்து முடிந்ததும் பெருக்கம் 0.973. அதாவது மோதல் நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கீழே. பிள்ளைகள் கொட்டாவி விடும் கட்டம் இதுதான். 10 பேரில் பெருக்கம் 0.883, 15 பேரில் 0.747, 20 பேரில் 0.589, 22 பேரில் 0.524. இருபத்து மூன்றாமவர் பலகைக்கு வரும்போது 22 நாள்கள் பிடிபட்டிருக்கும். அவர் தப்பும் நிகழ்தகவு 343/365, அதாவது 0.940. அதை 0.524ஆல் பெருக்கினால் 0.493. ஒருவரும் மோதாமலிருக்கும் வாய்ப்பு இவ்வளவாகக் குறைந்துவிட்டதால், மோதல் இருக்கும் வாய்ப்பு 1 − 0.493 = 0.507.

இதில் கவனிக்கவேண்டியது, எந்தத் தனிப் பின்னமும் பயமுறுத்துவதாக இல்லை என்பது. இருபத்து மூன்றாமவருக்குக்கூடத் தப்பும் வாய்ப்பு 94 சதவீதம். ஒன்றுக்குச் சற்றே குறைந்த எண்களை அடுக்கிப் பெருக்கும்போது விளைவு எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதைத்தான் நம் மனம் சரியாக மதிப்பதில்லை. ஒருமுறை 34 பேர் கொண்ட வகுப்பில், பத்தொன்பதாவதாக வந்த மாணவி வெண்கட்டியைப் பலகையில் வைத்தபடி அசையாமல் நின்றாள். “எழுதம்மா” என்றேன். “சேர், மே 14 இருக்கு” என்றாள். முன்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, அது தன்னுடைய நாள் என்று சொல்லும்வரை மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

நேரடியாப் “பொருந்துற வாய்ப்பு” எண்டு கணிக்காமல், ஏன் பொருந்தாததைக் கணிச்சு ஒண்டில இருந்து கழிக்கிறியள்?

பொருந்துவது பல விதங்களில் நடக்கலாம். ஒரு சோடி பொருந்தலாம், இரண்டு சோடிகள் தனித்தனியே பொருந்தலாம், மூவர் ஒரே நாளில் வரலாம், இவை கலந்தும் வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவது சிலந்தி வலைக்குள் கை விடுவதைப் போன்றது. பொருந்தாமல் இருப்பதற்கோ ஒரே விதம்தான்: எல்லோரும் வெவ்வேறு நாள். பாடநூலில் நிரப்பி நிகழ்ச்சி என்று படிப்பது இதைத்தான். வினாத்தாளில் “குறைந்தது ஒன்று” என்ற சொற்களைக் கண்டால் முதலில் இந்த வழியை நினையுங்கள்.

253 சோடி, ஒவ்வொண்டுக்கும் 1/365. பெருக்கினா 69 வீதம் வருதே, நீங்கள் 50.7 எண்டுறியள்?

கூர்மையான கேள்வி; இதைக் கேட்கும் மாணவர் சோடிகளை விளங்கிக்கொண்டுவிட்டார். அந்த 0.693 என்ற எண் பிழையானதன்று. ஆனால் அது நிகழ்தகவு அன்று, பொருந்தும் சோடிகளின் சராசரி எண்ணிக்கை. 23 பேர் கொண்ட 100 வகுப்புகளை எடுத்தால், அவற்றில் மொத்தமாக ஏறத்தாழ 69 பொருந்தும் சோடிகள் கிடைக்கும் என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சோடிகள் வகுப்புக்கு ஒன்றாகப் பங்கிடப்படுவதில்லை. சில வகுப்புகளில் இரண்டு இருக்கும், சிலவற்றில் மூன்றும் இருக்கும். ஆகவே 69 சோடிகளும் ஏறத்தாழ 51 வகுப்புகளுக்குள் அடங்கிவிடும். மிகுதி வகுப்புகளில் ஒன்றும் இராது.

இந்தப் பிழையைப் பிடிக்க எளிய வழி உண்டு. இதே முறையை 28 பேருக்குச் செய்து பாருங்கள்: 378 சோடிகள், 378/365. விடை ஒன்றைத் தாண்டிவிட்டது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டினால் வழி பிழைத்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

253ஐ 1/365ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, 364/365ஐ 253 தடவை தன்னோடு தானே பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்தால் 50.05 சதவீதம் வரும். உண்மைக்கு மிக அருகில். முழுமையாகப் பொருந்தாததற்குக் காரணம், சோடிகள் ஒன்றையொன்று முற்றாகச் சாராதவை அல்ல என்பது. கமலாவும் வாணியும் ஒரே நாள், வாணியும் ரஞ்சனும் ஒரே நாள் என்றால், கமலாவும் ரஞ்சனும் ஒரே நாள்தான். அதை நாணயம் சுண்டிப் பார்க்கவேண்டியதில்லை.

எங்கட வகுப்பில 30 பேர், ஒருத்தருக்கும் பொருந்தேல்லை. அப்ப கணக்குப் பிழையோ?

பிழையில்லை. 30 பேரில் 70.6 சதவீதம் என்றால், மிகுதி 29.4 சதவீதம் பொருந்தாமல் போகும் என்றுதான் கணக்கே சொல்கிறது. பத்து வகுப்புகளில் மூன்றில் இப்படி ஏமாற்றம் வரவேண்டும், வராவிட்டால்தான் சந்தேகப்படவேண்டும். ஒரு வகுப்பை வைத்து இந்தக் கணக்கை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பல குழுக்கள் வேண்டும்.

அப்படிப் பல குழுக்கள் ஆயத்தமாகக் கிடைத்த ஒரு சந்தர்ப்பம் 2014 உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம். 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். நமக்கு வேண்டிய அதே எண். வீரர்களின் பிறந்த தேதிகளைச் சரிபார்த்தபோது 16 அணிகளில் ஒரே பிறந்தநாள்காரர் இருந்தனர். இவ்வளவு துல்லியமாகப் பாதியில் வந்து நின்றது அதிர்ஷ்டம். 14 என்றோ 19 என்றோ வந்திருந்தாலும் கணக்குக்குப் பழுதில்லை.

கணிகருவியில 365, nPr, 40 எண்டு போட்டா Math ERROR எண்டு வருது. என்ன செய்யிறது?

எண் அளவு மீறிவிட்டது. சாதாரண அறிவியற் கணிகருவி 10இன் 100ஆம் வலுவுக்குக் கீழான எண்களையே வைத்திருக்கும். 365ஐ 23 தடவை பெருக்கினால் 10இன் 59ஆம் வலுவுக்குக் கிட்ட வரும்; அது கொள்ளும். 40 தடவை பெருக்கினால் 10இன் 102ஆம் வலுவையும் தாண்டிவிடும்; கருவி கைவிரித்துவிடுகிறது. 365! என்று போட்டால் தொடக்கத்திலேயே பிழை வரும்.

பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்காமல், முன்னர் பலகையில் செய்ததைப்போல ஒவ்வொரு பின்னமாகப் பெருக்கிக்கொண்டு போனால் எண் எப்போதும் ஒன்றுக்குக் கீழேயே இருக்கும். கணினி கிடைத்தால் பின்வரும் நாலு வரி போதும். 23ஐ மாற்றி எந்த எண்ணிக்கையையும் போடலாம். விடை 0.507 என்று தொடங்கவேண்டும்.

```
p = 1
for k in range(23):
    p = p * (365 - k) / 365
print(1 - p)
```

முதலாவதாப் பொருந்துற ஆளுக்குப் பரிசு எண்டால், வரிசையில எத்தினையாம் ஆளா நிக்கவேணும்?

இருபதாவது ஆளாக. இது மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக் கேட்ட கேள்வி. வரிசையில் இடம்பிடிக்கச் சண்டை தொடங்கியதும் நானும் கணித்துப் பார்த்தேன். முன்னுக்கு நின்றால் மோதுவதற்குப் பலகையில் போதிய தேதிகள் இல்லை. பின்னுக்கு நின்றால் உங்களுக்கு முன்னரே வேறொருவர் பரிசைத் தட்டிக்கொண்டு போயிருப்பார். இருபதாமவர் வெல்ல, முதல் 19 பேரும் மோதாமல் இருக்கவேண்டும் (0.621), பின்னர் அவர் அந்த 19 நாள்களில் ஒன்றில் விழவேண்டும் (19/365). பெருக்கினால் 3.23 சதவீதம். 19ஆம், 21ஆம் இடங்களும் அதற்கு மயிரிழையே குறைவு. ஆகவே சண்டை தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன், பலன் இல்லை.

எல்லா நாளிலயும் ஒரே அளவாப் பிள்ளையள் பிறக்கிறேல்லையே. அதோட எங்கட சனத்தில கனபேருக்கு ஜனவரி 1 எண்டெல்லோ பதிஞ்சு கிடக்கு?

பிறப்புகள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரந்திருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சமமின்மை பொருந்தும் வாய்ப்பைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஆண்டுக்கு இரண்டே நாள்கள் உள்ள ஒரு கற்பனை உலகை எடுங்கள். இரு நாள்களும் சமமானால், இருவர் பொருந்தும் வாய்ப்பு பாதி. ஒரு நாளில் முக்கால்வாசிப் பேரும் மற்றதில் கால்வாசிப் பேரும் பிறப்பதாக வைத்தால், இருவரும் முதல் நாளில் வருவது 9/16, இருவரும் இரண்டாம் நாளில் வருவது 1/16, மொத்தம் 10/16. பாதியைவிடக் கூடிவிட்டது. கூட்டம் ஓரிடத்தில் நெருக்கினால் மோதலும் கூடும். ஆகவே 50.7 என்பது ஒரு கீழெல்லை.

ஜனவரி 1 பற்றிய அவதானம் இதைவிட முக்கியமானது. இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்து, பிறந்த தேதி சரியாகத் தெரியாமல் பின்னர் ஏதோ ஒரு தேதியைக் கொடுத்துப் பதிந்த மூத்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். முதியோர் சங்கமொன்றுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொடுத்தபோது, ஜனவரி 1 ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்ததை நானும் கண்டேன். அப்படியான பட்டியலில் சோடி கிடைத்தால், பிறப்புகள் பொருந்தின என்று சொல்லக்கூடாது. பதிவுகள் பொருந்தின என்றே சொல்லவேண்டும். புதிரைச் சோதிக்கவேண்டுமானால், அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய பிள்ளைகளின் தேதிகளே நல்லவை.

பெப்ரவரி 29ஐ என்ன செய்யிறது? இரட்டைப் பிள்ளையள் இருந்தா?

பெப்ரவரி 29ஐச் சேர்த்துக்கொண்டாலும் 23 என்ற விடை மாறாது. தசமத்தில் மட்டும் சிறிது அசையும். இரட்டையர் சங்கதி வேறு. கணக்கு முழுவதும், ஒருவரின் நாள் இன்னொருவரின் நாளைச் சாராது என்ற எடுகோளில் நிற்கிறது. இரட்டையர் இருக்கும் வகுப்பில் அந்த எடுகோள் உடைந்துவிட்டது. அவர்களை ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு மற்றவர்களைப் பாருங்கள். பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களை வைத்துச் சோதிப்பதும் இதே பிழைதான், சில வீடுகளில் இருவருக்குச் சேர்த்தே கேக் வெட்டுவார்கள்.

சங்கக் கூட்டத்தில ஆக்களிட்டப் பிறந்த தேதி கேட்டா கூச்சப்படுகினம். வேற வழி இருக்கோ?

பெரும்பாலும் வயது வெளிப்பட்டுவிடும் என்பதுதான் கூச்சம். தேசிய அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கும் ஆண்டு. ஐந்தாம், ஆறாம், ஏழாம் இலக்கங்கள் நாள். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கங்களை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தரச்சொன்னால் போதும். வயதும் தெரியாது, முழு இலக்கமும் வெளியே போகாது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பெண் 573 என்று எழுதித் தருகிறார். 500ஐக் கழித்தால் 73. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மொத்தம் 60. மிகுதி 13; ஆகவே மார்ச் 13. பலரும் சறுக்கும் இடம் பெப்ரவரி: சாதாரண ஆண்டில் பிறந்தவருக்கும் இந்த இலக்க முறையில் பெப்ரவரிக்கு 29 நாள்களே எண்ணப்படுகின்றன. 28 என்று எடுத்தால், மார்ச் 1 முதல் பிறந்த அத்தனை பேருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். உண்மையில் சோடி தேடுவதற்கு இந்த மாற்றமே தேவையில்லை. பெண்களின் எண்களில் 500ஐக் கழித்துவிட்டு, துண்டுகளை ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒரே எண் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பதிவுத் தேதி பற்றி முன்னர் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

நாங்கள் தேதி பார்க்கிறேல்லை, நட்சத்திரம்தான். அதுக்கும் இது சரிவருமோ?

சரிவரும், இன்னும் விரைவாக. நட்சத்திரங்கள் 27, எல்லாம் ஏறத்தாழச் சமமாக வருவதாகக் கொண்டால், 6 பேரில் இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமையும் வாய்ப்பு 45 சதவீதம், 7 பேரில் 57 சதவீதம். ஒரு வீட்டு விறாந்தையில் இருப்பவர்களே போதும். அர்ச்சனைக்கு ஒரு குடும்பத்தின் பெயர்களைச் சொல்லும்போது ஒரே நட்சத்திரம் இரண்டு தரம் வந்தால், ஐயர் வியப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்தவேண்டும் என்றால், 12ஐ 27ஆல் பெருக்க 324 இடங்கள். பாதியைத் தாண்ட 22 பேர். இது அண்ணளவான கணக்கு. சில மாதங்களில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வருவதால் எல்லா இடங்களும் ஒரே எடையுள்ளவை அல்ல. இடங்களின் எண்ணிக்கை தெரிந்தால், அதன் வர்க்கமூலத்தை 1.18ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்கு அடுத்த முழு எண்ணை எடுப்பது கைக்கணக்குக்குப் போதும்: 365க்கு 22.5, ஆகவே 23.

மூண்டு பேருக்கு ஒரே நாள் வரவேணும் எண்டால்?

வாய்ப்பு பாதியைத் தாண்ட 88 பேர் வேண்டும். மாறாக, ஒரே நாளாகவோ அடுத்தடுத்த நாளாகவோ இருந்தாலும் பரவாயில்லை என்று தளர்த்தினால், 14 பேரே போதும். “கிட்டத்தட்ட ஒரே நாள்” என்று வியப்பவர்கள், தாம் எவ்வளவு தளர்த்திவிட்டோம் என்பதை உணர்வதில்லை.

பிறந்தநாளை விட்டால், இந்தக் கணக்கு வேற எங்கையாவது உதவுமோ?

யாருக்கும் யாருக்கும் எண் மோதக்கூடாத எந்த இடத்திலும் உதவும். என் சொந்தப் பிழையைச் சொல்கிறேன். ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்ய வந்த 60 பேருக்கு, தனி இலக்கம் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவரவர் தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களையே வைத்துவிடலாம், 1000 எண்கள் இருக்கின்றன, 60 பேர்தானே என்று எண்ணினேன். 1000இன் வர்க்கமூலம் 31.6, அதை 1.18ஆல் பெருக்கினால் 37 தாண்டும். அதாவது 38 பேரிலேயே மோதும் வாய்ப்பு பாதியைக் கடந்துவிடுகிறது. 60 பேரில் அது 84 சதவீதம்.

அன்று காலை மைதானத்தில், 100 மீற்றர் ஓட்டத்துக்கு 418ஐ அழைத்தபோது இருவர் எழுந்து வந்தார்கள். ஒருவர் தரம் 8 பையன், மற்றவர் அவனைக் கூட்டிவந்த மாமா, முதியோர் நடைக்குப் பதிந்தவர். படிப்பிக்கிற கணக்கைப் பதிவுப் புத்தகத்தில் மறந்ததற்காக, மதியம் வரை நான் அட்டைகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.